டயரும் பற்றரியும் ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு தின்னுகின்றன? மட்டக்களப்பு ஓட்டோக்காரரின் கேள்விகளும் பதில்களும்

கல்லடியில் ஓட்டோ ஓடுகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இருக்கிற வண்டியைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டவேண்டும் என்று விளங்கிவிட்டது. அன்றிலிருந்து டயர், பற்றரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் திகதி, மீற்றர் வாசிப்பு, பில் தொகை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். ஸ்டாண்டில் நிற்கிற தம்பிமார் அந்தக் கொப்பியைப் பார்த்துக் கேட்டவைதான் கீழே இருக்கின்றன. விலைகள் என்னுடைய பில்லில் உள்ளவை. நீங்கள் வாங்கும்போது மாறியிருக்கும், அப்போது உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு டயர் 6,200, மற்றது 8,400. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. எதுக்கு 2,200 கூடக் குடுக்கணும்?

ஓடி முடித்த கணக்கைச் சொல்கிறேன். பின்சில்லுக்கு முதலில் விலை குறைந்த சோடியைப் போட்டேன். 17,000 கிலோமீற்றரில் தேய்ந்து முடிந்தது. அடுத்ததாக விலை கூடிய சோடியைப் போட்டேன். அது 26,000 ஓடியது. இரண்டாவது சோடி வாங்கிய நாளில் முதல் டயரின் அன்றைய விலையையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

பலர் டயரின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். எங்கள் ஓட்டோவுக்கு டயர் மாற்றும்போது டியூப்பும் மாற்றுகிறோம், கழற்றிப் பூட்டக் கூலியும் கொடுக்கிறோம். எனக்கு டியூப் 900, கூலி 300. அப்படியென்றால் ஒரு சில்லுக்கு உண்மையான செலவு 7,400, மற்றதற்கு 9,600.

சூத்திரம் ஒரு வரிதான்:

```
செலவு ÷ ஓடிய கி.மீ. × 1000
```

முதல் டயர்: 7,400ஐ 17,000ஆல் பிரித்து ஆயிரத்தால் பெருக்கினால் 435 ரூபாய். இரண்டாவது: 9,600ஐ 26,000ஆல் பிரித்துப் பெருக்கினால் 369 ரூபாய். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு சில்லில் 66 ரூபாய் மிச்சம். நான் மாதம் 2,500 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறேன். பின்சில்லு இரண்டுக்கும் சேர்த்தால் மாதம் 330 ரூபாய்.

டயர் விலையை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் 365க்கும் 323க்கும் இடையில் 42 ரூபாய் வித்தியாசம்தான் தெரிந்திருக்கும். டியூப்பும் கூலியும் ஒவ்வொரு மாற்றலுக்கும் வருவதால், அடிக்கடி மாற்றவேண்டிய டயரில்தான் அவை கூடுதலாக ஏறுகின்றன.

இதையே திருப்பியும் பார்க்கலாம். கூடிய விலை டயர் எவ்வளவு ஓடினால் குறைந்ததோடு சரிசமமாகும்? 9,600ஐ 435ஆல் பிரித்தால் 22 வருகிறது. அதாவது 22,000 கிலோமீற்றர். அதற்கு முன்பே தேய்ந்துவிடும் வேலை உங்களுடையது என்றால், 2,200 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துப் பயனில்லை. படுவான்கரைப் பக்கம் கிரவல் வீதியில் நாள் முழுக்க நெல் மூட்டை ஏற்றும் வண்டியில், டயர் தேய்ந்து முடிவதைவிட வெட்டுப்பட்டு முடிவதுதான் அதிகம். கூர்க்கல் டயரின் விலை பார்த்து வெட்டுவதில்லை. கல்முனைவரை காபட் வீதியில் ஓடுகிறவருக்குத்தான் நல்ல டயரின் முழு ஆயுளும் கிடைக்கும்.

இதெல்லாம் ஓடி முடிச்சாத்தானே தெரியும்? போட்ட டயர் எவ்வளவு ஓடும் எண்டு முன்னுக்கே பார்க்க ஏலாதா?

ஏலும். ஒரு நெருப்புக்குச்சியும் அடிமட்டமும் போதும். புது டயர் பூட்டிய அன்றைக்கே குச்சியை டயரின் நடுப் பள்ளத்தில் நிமிர்த்தி வைத்து, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் போட்டு அளவுங்கள். எனது டயரில் 7 மில்லிமீற்றர் இருந்தது. 8,000 கிலோமீற்றர் ஓடியபின் அதே இடத்தில் அளந்தேன், 5.4 இருந்தது. 8,000க்கு 1.6 மில்லிமீற்றர் தேய்ந்திருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 5,000 கிலோமீற்றர்.

பள்ளம் முழுவதும் பாவனைக்குரியதல்ல. மழையில் வழுக்காமல் ஓட 1.6 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும் என்று கார் டயர்களுக்கு வைத்த எல்லையையே நான் ஓட்டோவுக்கும் வைத்துக்கொள்கிறேன். மார்கழி மழையில் கல்லடிப் பாலத்தில் பிரேக் பிடித்தவருக்கு ஏன் என்று தெரியும். 7இல் 1.6ஐக் கழித்தால் 5.4. அதை 5,000ஆல் பெருக்கினால் 27,000. கடைசியில் ஓடியது 26,000. இந்தளவு கிட்ட வந்தது போதும்.

அளக்கும்போது நடுவிலும் இரண்டு ஓரத்திலும் அளவுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூட, இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு கோணலாக ஓடுகிறது. அதைப் பார்க்காமல் எந்த விலைக்கு டயர் போட்டாலும் ஒரே கதிதான். காற்றைக் காலையில் வண்டி எடுக்கமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்துபோய் நிற்கும்.

டயருக்கு மூண்டு வருச வாரண்டி எண்டு கடைக்காரர் சொன்னார். அப்ப மூண்டு வருசம் ஓடுமா?

ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. டயர் வாரண்டி என்பது செய்யும்போது விட்ட பிழைக்குரியது. உள்ளே நூல் படை பிரிவது, நிலத்தில் படும் ஓட்டுப்பகுதி அடியிலிருந்து கிளம்புவது, காரணமில்லாமல் பக்கச்சுவர் வெடிப்பது போன்றவை அதில் சேரும். தேய்மானம், பஞ்சர், வெட்டு, குழியில் விழுந்து அடிபட்டது எதுவும் சேராது. ஆறு மாதத்தில் தேய்ந்துபோன டயரைக் கொண்டுபோய் மூன்று வருட வாரண்டி கேட்க முடியாது.

பிழை என்று ஒப்புக்கொண்டாலும் புது டயர் சும்மா வருவது அரிது. மிச்சமிருக்கும் பள்ளத்தின் அளவுக்கு விலையில் கழிவு தருவார்கள். எனது டயரையே வைத்துப் பார்ப்போம். பாவனைக்குரிய பள்ளம் 5.4 மில்லிமீற்றர். அதில் 3.6 மிச்சமிருக்கும்போது பிழை வந்தால் மூன்றில் இரண்டு பங்கு கழிவு. 8,400இல் 5,600 கழித்து 2,800 கட்டவேண்டும். இது நல்ல கழிவுதான். ஆனால் முக்கால்வாசி தேய்ந்தபின் அதே பிழை வந்தால் கழிவு 2,100 ரூபாய்க்கு மேல் வராது.

டயரின் பக்கத்தில் வீக்கம் கண்டால் கடைக்குப் போகமுன் கழற்றி உள்பக்கம் கையால் தடவிப் பாருங்கள். குழியின் விளிம்பில் அடிபட்ட டயரில், வீக்கத்துக்கு நேரே உள்ளே நூல் அறுந்து ஒரு கோடுபோலத் தட்டுப்படும். றிம்மிலும் பெரும்பாலும் ஒரு நெளிவு இருக்கும். அப்படி இருந்தால் வாரண்டி கிடைக்காது. அடிபட்ட தடயம் ஒன்றுமில்லாமல் ஓட்டுப்பகுதி கிளம்பியிருந்தால் விடாமல் கேளுங்கள்.

பற்றரிக்கும் இதே ஆயிரம் கிலோமீற்றர் கணக்குச் சரிவருமா?

கணக்குப் போடலாம், ஆனால் அதை வைத்து பற்றரி தெரிவு செய்யக் கூடாது. டயர் ஓடத் தேய்கிறது. பற்றரி நாள்போகச் சாகிறது. வண்டி வீட்டில் நின்றாலும் பற்றரிக்கு வயது போகும். அதனால் முதலில் மாதத்துக்கு எவ்வளவு என்று பார்த்து, பிறகு உங்கள் ஓட்டத்தால் பிரியுங்கள்.

எனது முதல் பற்றரி 14,500 ரூபாய். 20 மாதம் இருந்தது. பழையதை ஈயத்துக்குக் கொடுத்தபோது 2,500 கிடைத்தது. 12,000ஐ 20ஆல் பிரித்தால் மாதம் 600. அடுத்தது 19,500 ரூபாய், 34 மாதம், பழையதற்கு 3,000. மாதம் 485. நான் மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடுவதால் ஆயிரத்துக்கு முறையே 240உம் 194உம் விழுகிறது. பின்சில்லு இரண்டுக்கும் 738 போகிறபோது பற்றரிக்கு 194தான். ஆகவே மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் முதலில் டயரைக் கவனிக்கவேண்டும்.

இனி இதே பற்றரியை, வீட்டுத் தேவைக்கு மட்டும் மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் ஓட்டோவில் வையுங்கள். அங்கேயும் 34 மாதம் இருந்தால் ஆயிரம் கிலோமீற்றருக்கு 809 ரூபாய். நான்கு மடங்கு. பற்றரியில் பிழை எதுவுமில்லை, வண்டி ஓடாததுதான் காரணம். உண்மையில் நின்று கிடக்கும் வண்டியில் 34 மாதம்கூட வராது. சார்ஜ் தானாக இறங்கி, இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகட்டில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் ஓடுங்கள். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிசம் வைப்பது போதாது, ஸ்டார்ட்டுக்கு எடுத்த சார்ஜே முழுதாகத் திரும்பாது.

24 மாத வாரண்டி பற்றரி 18ஆம் மாசம் செத்துப்போச்சு. புதுசு தருவாங்கதானே?

கார்டை எடுத்துக் கவனமாக வாசியுங்கள். பெரும்பாலும் 24 மாதத்தை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் 12 மாதத்துக்குள் பிழைத்தால் புதியது இலவசம். அடுத்த 12 மாதத்தில் மிச்சமுள்ள மாதங்களுக்கு ஏற்ற கழிவு மட்டும்.

உங்கள் கணக்கு இப்படி வரும். 24இல் 18 போய் 6 மாதம் மிச்சம், அதாவது காற்பங்கு. 19,500இல் காற்பங்கு 4,875. கட்டவேண்டியது 14,625. பார்க்க நல்ல கழிவுபோல இருக்கிறது. ஆனால் வாரண்டியில் மாற்றும்போது பழைய பற்றரியைக் கடை எடுத்துக்கொள்ளும். வாரண்டி இல்லாமல் அதே பற்றரியைப் புதிதாக வாங்கி, பழையதை 3,000க்குக் கொடுத்திருந்தால் கையிலிருந்து போயிருப்பது 16,500. இரண்டுக்கும் வித்தியாசம் 1,875 ரூபாய். 18ஆம் மாதத்தில் அந்த வாரண்டியின் உண்மையான பெறுமதி அவ்வளவுதான். 22ஆம் மாதத்தில் கழிவு 1,625. பழைய பற்றரியின் ஈயவிலை அதைவிடக் கூட. அப்போது வாரண்டிக்குப் போனால் உங்களுக்கே நட்டம்.

ஆகவே இரண்டு பற்றரிகளை ஒப்பிடும்போது 24, 30, 36 என்று கார்டில் பெரிதாக அடித்திருக்கும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். இலவச மாற்றல் எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஒன்று 18 மாத வாரண்டி, முழுவதும் இலவச மாற்றல். மற்றது 24, அதில் 12தான் இலவசம். நான் என்றால் 18ஐ எடுப்பேன். இலவசமாகத் தரும் புதுப் பற்றரிக்கு வாரண்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குமா, பழையதன் மிச்சம் மட்டுமா என்பதையும் கேளுங்கள். மிச்சம் மட்டும் என்பதுதான் வழமை.

வாரண்டிக்குக் கொண்டுபோனன். ஒரு நாள் வச்சிட்டு, "பற்றரி நல்லம், வண்டியிலதான் பிழை" எண்டு திருப்பித் தந்திட்டாங்க. ஏமாத்துறாங்களா?

எனக்கும் இது நடந்தது. வாங்கிப் பதினோராம் மாதம் காலையில் சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோபத்தோடு கடைக்குக் கொண்டுபோனேன். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு மறுநாள் திருப்பித் தந்தார்கள். இரண்டு கிழமையில் மறுபடி அதே "டிக்". இரண்டாவது தடவை அங்கிருந்த வயதான அண்ணன் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திறந்து காட்டினார்.

கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும் அமிலமானியை ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டு உறிஞ்சினார். முழுச் சார்ஜில் அது அமிலத்தின் அடர்த்தியை 1.260 தொடக்கம் 1.280 வரை காட்டவேண்டும். எனது பற்றரியில் ஆறு அறையும் 1.190 அளவில் நின்றன. "ஒரு அறை மட்டும் விழுந்திருந்தா பற்றரிப் பிழை, நானே மாத்தித் தருவன். ஆறும் ஒண்டா இறங்கியிருக்கு தம்பி, உனக்கு வண்டியில சார்ஜ் வரல்ல" என்றார். மீற்றரை வைத்தபோது எஞ்சின் ஓட ஓட 12.9 வோல்ற்தான் வந்தது. ரெகுலேற்றர் போயிருந்தது. அதை மாற்றியபின் அதே பற்றரி இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. மேலே சொன்ன 20 மாதப் பற்றரி அதுதான். சார்ஜ் குறைவாகக் கிடந்த காலம் இல்லையென்றால் இன்னும் கூட இருந்திருக்கும்.

அதனால் வாரண்டிக்குப் போகமுன் நீங்களே பாருங்கள். சின்ன டிஜிட்டல் மீற்றர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பற்றரி முனைகளில் 12.6 வோல்ற் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் காற்பங்கு. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வரவேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதாது. 15ஐத் தாண்டினால் கூடுதலாக ஏறுகிறது. அப்போது தண்ணீர் அடிக்கடி வற்றும், பற்றரி கையில் சுடும், சிலவேளை பக்கம் ஊதும். ஊதிய பற்றரியையும் வற்றிய பற்றரியையும் வாரண்டியில் எடுக்கமாட்டார்கள். வண்டியின் பிழையைத் திருத்தாமல் புதுப் பற்றரி போட்டால் அதையும் அந்தப் பிழை தின்றுவிடும்.

கடையில கன நாள் கிடந்த சாமானா எண்டு எப்படித் தெரியும்?

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது கிழமை, ஏப்ரல் கடைசி அளவில். ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் மூன்று நான்கு வருடம் கிடந்த டயர் தேயாமலே இறுகியிருக்கும். பள்ளத்தை விரித்துப் பார்த்தால் அடியில் மயிர்போல வெடிப்புத் தெரியும். கழிவு தந்தாலும் வாங்காதீர்கள்.

பற்றரியில் திகதி அடித்திருக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கடைக்காரரிடம் வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதைவிட நல்லது பூட்டமுன் மீற்றர் வைப்பது. 12.4க்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு ஒன்று கேளுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓடுறதால பற்றரி கெதியா போகுமா?

உப்புக் காற்று பற்றரியின் உள்ளே ஒன்றும் செய்யாது. முனையில்தான் வேலை காட்டும். காத்தான்குடியிலும் கல்லடியிலும் இரண்டு மூன்று மாதத்தில் முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதனால் கரண்ட் தடைப்பட்டு, நல்ல பற்றரியே செத்ததுபோல நடிக்கும். கறுப்பு வயரை முதலில் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, காயவிட்டுப் பூட்டி மேலே வாஸ்லின் பூசுங்கள். பூட்டும்போது கறுப்பு கடைசியாக. ஸ்டாண்டில் "பற்றரி போச்சு" என்று வந்த வண்டிகளில் சிலதை இதைச் செய்தே அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே கொல்வது வெயில்தான். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பற்றரித் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. குளிர்நாட்டுப் பற்றரி ஐந்து வருடம் இருந்தது என்று வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்வதை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. நிழலில் விடுங்கள்.

தண்ணி விடுற பற்றரியா, மூடின பற்றரியா?

மாதம் ஒருமுறை மூடி திறந்து வடித்த தண்ணீர் விடுவதற்கு நீங்கள் தயார் என்றால் தண்ணீர்ப் பற்றரி. விலையும் குறைவு, மேலே சொன்னதுபோல அறை அறையாகப் பரிசோதிக்கவும் முடியும். கிணற்றுத் தண்ணீர் விட்டால் அதிலுள்ள உப்பே தகட்டைக் கெடுக்கும், வாரண்டியும் போகும். திறந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு மூடியது.

வானுக்குப் பாதி விலையில பாவிச்ச டயர் கிடைக்குது. எடுக்கலாமா?

நெருப்புக்குச்சியை எடுத்துப் போங்கள். புதியதில் பாவனைக்குரிய பள்ளம் 6 மில்லிமீற்றர், பாவித்ததில் 2 மிச்சம் என்றால், பாதி விலை கொடுத்து மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறீர்கள். பூட்டும் கூலி வேறு முழுதாகப் போகும், வாரண்டியும் இல்லை. நான்கு இலக்கத்தையும் பாருங்கள். அம்பாறை தாண்டி மகியங்கனைப் பக்கம் ஆட்களோடு வேகமாக ஓடும் வானுக்கு நான் போடமாட்டேன்.

பில் வாங்கும்போது எதை எழுதுவிக்கணும்?

வாகன இலக்கம், அன்றைய மீற்றர் வாசிப்பு, டயரின் நான்கு இலக்கம் அல்லது பற்றரியின் தொடர் இலக்கம், கடையின் முத்திரை, திகதி. முத்திரையும் திகதியும் இல்லாத கார்ட் வெறும் தாள். பில் தொலைந்தால் விற்ற நாளை விட்டுவிட்டு, செய்த நாளிலிருந்து வாரண்டியை எண்ணும் நிறுவனங்களும் உண்டு. பில்லின் மை இந்த வெக்கையில் ஆறு மாதத்தில் வெளிறிவிடும், கடை வாசலிலேயே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.